லாரி ராத்திரி எங்கே நிற்கும்?

ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நிற்கிற லாரி காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், தெருவில் அது நின்றது ஒன்பது மணி நேரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு, பொது இடத்தில் ஆளில்லாமல் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ விடப்பட்ட வண்டியை இழுத்துச் செல்லவும், சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. ஒரு மணி நேரம் குறைகிறது. அதோடு உள்ளே கிளீனர் கால் நீட்டிப் படுத்திருந்தால் அது ஆளில்லாத வண்டியும் அல்ல. தெருக்காரர்கள் ராத்திரியில் போன் செய்து, ரோந்து வண்டி வந்து பார்த்து, டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவதற்கு மெத்தனம் மட்டும் காரணமில்லை.

நிறுத்தத் தடை உள்ள இடம் என்றால் இந்தப் பத்து மணிக் கணக்கு தேவையில்லை. அதே பிரிவின்படி உடனே இழுத்துச் செல்லலாம். ஆனால் அந்தத் தடையை யார் போடுவது? பல குடியிருப்புகளில் நலச்சங்கமே செலவு செய்து ‘கனரக வாகனங்கள் நிறுத்தக் கூடாது’ என்று பலகை எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 115-ஆவது பிரிவுப்படி மாநில அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியோ அறிவிக்கை போட வேண்டும். தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதானால் அது அரசிதழில் வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். அதற்குப் பிறகு முறைப்படியான குறியீட்டுப் பலகை. இத்தனையும் நடந்த தெருவில்தான் ‘நோ பார்க்கிங்’ என்ற சொல்லுக்கு வலு உண்டு.

இது எதுவும் இல்லாத தெருவில் மிஞ்சுவது 122-ஆவது பிரிவு. ஆபத்தோ, தடையோ, அளவுக்கு மீறிய சிரமமோ தரும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது அது. வீட்டு வாசலை மறித்தாலும், முக்கை அடைத்தாலும் இதைக் காட்டலாம். போக்குவரத்தை மறித்ததற்கு 201-ஆவது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். கட்டணம் கட்டி ஒரு ஷெட்டில் மாதம் முழுக்க வண்டியை விடுகிற செலவோடு ஒப்பிட்டால், எப்போதாவது கட்டுகிற 500 ரூபாய் லாபம்தான். லாரிக்காரருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

தெருவில் நிற்கிற லாரிகள் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல புகார்கள் வீணாகின்றன. ஒன்று, அந்தத் தெருவிலேயே வீடு உள்ள டிரைவரோ, ஒற்றை லாரி முதலாளியோ கொண்டுவந்து நிறுத்துவது. கண் பார்வையில் இருந்தால் டீசல் திருடு போகாது, தார்ப்பாயை யாரும் கிழிக்க மாட்டார்கள், ஸ்டெப்னி இருந்த இடத்தில் இருக்கும். நாமக்கல், சங்ககிரி பக்கம் இது பல தலைமுறைப் பழக்கம். அங்கே பக்கத்து வீட்டுக்காரரும் லாரித் தொழிலில்தான் இருப்பார். சண்டை வந்தாலும் தெருவுக்குள் தீர்ந்துவிடும். நகரத்தின் புதுக் குடியிருப்புகளில் அது நடப்பதில்லை.

இரண்டாவது வகை, யாருக்கும் வீடில்லாத தெருவில் வந்து நிற்கிற வெளியூர் வண்டி. இதைப் புரிந்துகொள்ள ஒரு லோடைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். அரியலூரில் சிமென்ட் ஏற்றிய லாரி சாயங்காலம் நான்கு மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கும் டீக்கும் நின்று, சென்னை எல்லையைத் தொடும்போது நள்ளிரவு தாண்டிவிடும். பார்ட்டியின் குடோன் திறப்பது காலை ஒன்பதுக்கு. நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குக் காலையிலேயே நோ என்ட்ரி தொடங்கிவிடும். அது முடிவது ராத்திரியில். புறநகரில் படுத்துவிட்டுக் காலையில் வரலாம் என்றால் குடோன் திறக்கும் நேரத்தில் உள்ளே விட மாட்டார்கள். ஆக ராத்திரியே உள்ளே வந்து, குடோனுக்குப் பக்கத்தில் எந்தத் தெரு அகலமாக இருக்கிறதோ அங்கே நிற்பதுதான் டிரைவருக்கு இருக்கிற ஒரே வழி. அன்லோடு முடிந்தாலும் சாலை திறக்கும் வரை வெளியே போக முடியாது. காத்திருக்கும் நேரத்துக்கு ‘ஹால்டிங்’ காசு கேட்கிற வழக்கம் தொழிலில் உண்டு. கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது.

நோ என்ட்ரி நேரமே தப்பு என்று சொல்ல வரவில்லை. பள்ளி நேரத்தில் பிள்ளைகள் நடக்கிற சாலையில் பத்துச் சக்கர வண்டி ஓடக் கூடாதுதான். ஆனால் லாரி ஓடக் கூடாத நேரத்தைக் குறித்த அதே கோப்பில், அது நிற்க வேண்டிய இடத்தையும் குறித்திருக்க வேண்டும். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. வண்டிகள் நிற்கும் இடங்களை உள்ளாட்சியுடன் கலந்து மாநில அரசு தீர்மானிக்கலாம் என்கிறது 117-ஆவது பிரிவு. 2019 திருத்தம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் அந்த உரிமையைத் தந்தது. சென்னையில் மாதவரம் சரக்குந்து முனையம் இப்படிப்பட்ட தேவைக்காகவே வந்தது. ஒரு முனையம் நகரத்தின் ஒரு வாசலைத்தான் பார்த்துக்கொள்ளும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள் திருவொற்றியூர், மணலி பக்கச் சாலைகளில் வரிசை கட்டுவதை அங்கே குடியிருப்பவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தெருவுக்கு என்ன கெடுதி? இடம் அடைபடுவது எல்லோருக்கும் தெரிகிறது. அதிகாலைச் சத்தத்தின் காரணம் பலருக்குத் தெரியாது. லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. ராத்திரி முழுக்க நிற்கும்போது டேங்கில் உள்ள காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். காலையில் இன்ஜினைப் போட்டு, காற்று ஏறி முள் உரிய இடத்துக்கு வரும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. எடுத்தால் பிரேக் பிடிக்காது. ஐந்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே அந்த இன்ஜின் உறுமுவது டிரைவரின் திமிரால் அல்ல. இனி இன்னொரு சிக்கலும் வரும். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். டிரைவர்களுக்கு அது நியாயமாகச் சேர வேண்டிய வசதி. ஆனால் இன்ஜின் ஓடினால்தான் ஓடுகிற ஏ.சி. என்றால், புழுக்கமான ராத்திரியில் அந்த லாரி எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குத் தூக்கமில்லை.

தெருவிலிருந்து விரட்டிய லாரி நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போகும். அங்கே அது உயிர் விஷயம். நம் ஊரின் பழைய நாலுவழிச் சாலைகள் பலவற்றில், ஓடும் தடத்தை ஒட்டிய தார் ஓரம் ஒன்றரை மீட்டர். லாரியின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். முழு வண்டியும் தாரின் மேலேயே நின்றால் ஒரு மீட்டர் ஓடும் தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் இறக்கலாம் என்றால், மழை பெய்திருந்தால் லோடு வண்டியின் சக்கரம் புதைந்துவிடும் என்று டிரைவர் பயப்படுவார். இப்போது பின்னால் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு கார் வருகிறது. வினாடிக்கு 28 மீட்டர். தாழ்த்திய ஹெட்லைட்டில் விளக்கில்லாத லாரி 50 மீட்டரில் தெரிந்தால் அதுவே பெரிது. என்னவென்று உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் 42 மீட்டர் கடந்திருக்கும். மிச்சம் எட்டு மீட்டரில் எந்தக் காரும் நிற்காது. மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையில் ‘நிறுத்திய வண்டியில் மோதல்’ என்று தனி வகையே இருக்கிறது.

சாலையில் நிற்கும்போதும் முன்பின் பார்க்கிங் விளக்குகள் எரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 109-ஆவது விதி. காலையில் பேட்டரி இறங்கி வண்டி ஸ்டார்ட் ஆகாதோ என்று அணைத்துவிடுகிறார்கள். பின்புறம் ஒட்டிய சிவப்பு ஒளிர் பட்டையைச் சேறும், தொங்குகிற தார்ப்பாயும் மறைத்துவிடுகின்றன. எஃப்.சி. எடுக்கிற அன்று பளிச்சென்று இருந்த பட்டை அடுத்த மழைக்காலத்தில் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இதற்காகத்தான் ‘டிரக் லே-பை’. தேசிய நெடுஞ்சாலைகளை நாலுவழியாக்க இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த கையேடு, சோதனைச்சாவடி, மாநில எல்லை, லாரிக்காரர்கள் வழக்கமாக நிற்கிற இடங்கள் ஆகியவற்றின் அருகே இவற்றை அமைக்கச் சொல்கிறது. இத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று என்பதல்ல இதன் அடிப்படை. எங்கே நிற்கிறார்களோ அங்கே என்பதுதான். நல்ல யோசனை. ஆனால் நடைமுறையில் நிலம் கிடைத்த இடத்தில் லே-பை வருகிறது; தாபா இருக்கிற இடத்தில் லாரி நிற்கிறது.

சரியான லே-பையைக் கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம். ஓடும் சாலைக்கும் அதற்கும் நடுவே மேடோ திட்டோ இருக்கும். வேகத்தைக் குறைத்து நுழையவும், வேகம் பிடித்து வெளியேறவும் சாய்வான வாய்கள் தனித்தனியே இருக்கும். தண்ணீர், கழிப்பறை, விளக்கு இருக்கும். நடுவே திட்டு இல்லாமல் தார் மட்டும் அகலமாக இருந்தால் அது அகலமான சாலையோரம்தான், பெயர்ப்பலகை என்ன சொன்னாலும் சரி. நூறு மீட்டர் நீளமுள்ள லே-பையில் ஆறு சக்கர லாரிகளை வரிசையாக நிறுத்தினால் எட்டோ ஒன்பதோ அடங்கும். நாற்பதடிக் கண்டெய்னர் என்றால் ஐந்தைத் தாண்டாது. அதில் பழுதாகிக் கிடக்கும் வண்டி ஒன்று, டீக்கடைக்கு ஓரிடம் என்று போனால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியாத லே-பையில் டிரைவர் படுக்கவே மாட்டார். டீசல் போனால் பல முதலாளிகள் அவர் கணக்கில்தான் எழுதுவார்கள்.

2024-இல் டிரைவர்களுக்காக ஆயிரம் ஓய்வு இல்லங்கள் அமைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். பெட்ரோல் பங்குகளை ஒட்டி ‘அப்னா கர்’ என்ற பெயரில் படுக்கை, குளியல், சமையல் வசதியோடு விடுதிகள் வந்திருக்கின்றன. நெடுஞ்சாலையோர வசதி வளாகங்களை 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைப்பது மத்திய அரசின் திட்டம். வளாகத்தின் கார் நிறுத்தத்தில் குடை போட்ட மேசைகள் வந்துவிடுகின்றன. லாரிக்கு எத்தனை இடம் ஒதுக்கினார்கள் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெருவில் குடியிருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அங்கே கொடுக்கும் மனுவில் ‘லாரிகளை அகற்றுக’ என்று மட்டும் எழுதாமல், 115-இன்படி தடை அறிவிக்கையும், 117-இன்படி மாற்றிடமும் சேர்த்துக் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு எத்தனை வண்டி வருகிறது, உள்ளூர்ப் பதிவா வெளியூரா, எந்தக் குடோனுக்கு என்று ஒரு வாரக் கணக்கை இணைத்தால், இரண்டு வகையில் எது தங்கள் தெருவின் சிக்கல் என்பது தெரிந்துவிடும். நெடுஞ்சாலையில் லே-பை விளக்கு எரியவில்லை, பாதி இடம் ஆக்கிரமிப்பில் இருக்கிறது என்றால் 1033-க்குச் சொல்லலாம். தேசிய நெடுஞ்சாலை ஒப்பந்தத்தின் ‘சி’ அட்டவணையில், அந்தச் சாலையில் எந்தக் கிலோமீட்டரில் லே-பை வர வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, கட்டியதையும் கட்டாததையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.