உளிக்கு வேலை வைக்காத மேல்தளம்

சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று எலெக்ட்ரீஷியன் ஹாலில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். இரண்டு ஃபேனுக்கு இடம் சொல்லியிருந்தது. ஒரு பாக்ஸ்தான் கண்ணில் படுகிறது. சமையலறையில் லைட் பாக்ஸே இல்லை. மாடிக் குளியலறைக்கு நாலு இஞ்ச் பைப் இறங்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் முழுதாக மூடிக் கிடக்கிறது. "அதுக்கென்ன சார், கொத்திக்கலாம்" என்கிறார் மேஸ்திரி. சொந்த வீடு கட்டியவர்களில் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் குறைவு.

கொத்தினால் என்ன ஆகிறது என்று பார்க்க, தளத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் மனதில் வரைந்துகொள்ள வேண்டும். சாதாரண வீட்டுத் தளம் ஐந்து இஞ்ச் கனம், அதாவது சுமார் 125 மில்லிமீட்டர். அடியில் 20 மில்லிமீட்டருக்குக் கான்கிரீட் மட்டுமே. கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் இந்தப் போர்வையைத்தான் கவர் என்கிறார்கள். அதற்கு மேல் 8 மில்லிமீட்டர் கம்பி ஒரு வரிசை, அதன் மேல் குறுக்காக இன்னொரு வரிசை. ஆக, தளத்தின் அடியிலிருந்து 36 மில்லிமீட்டர் உயரத்துக்குள் தளத்தைத் தாங்கும் இழுவிசைக் கம்பிகள் அத்தனையும் முடிந்துவிடுகின்றன. கீழே நின்று உளி வைப்பவர் முதலில் உடைப்பது கவரை. அடுத்து அவர் கையில் தட்டுப்படுவது கம்பி.

கம்பி குறுக்கே வந்தால் பெரும்பாலும் அறுத்துவிடுகிறார்கள். ஆறு இஞ்சுக்கு ஒரு கம்பி கட்டிய தளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஆறரைக் கம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். அதில் இரண்டை அறுத்தால் அந்த ஒரு மீட்டர் பட்டையின் பலத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விட்டது. ஃபேன் இருக்கும் இடம் அறையின் நடு. தளம் அதிகமாக வளைய முயல்வதும் அங்கேதான். கம்பியை அறுக்காவிட்டாலும், சுத்தியல் அடி கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பைச் சுற்றிலும் தளர்த்தும். பிறகு சிமெண்ட் கலவையால் பூசிய ஒட்டு, பழைய கான்கிரீட்டோடு சேராமல் விளிம்பில் மயிரிழை விரிசல் விடும். மேலே ஈரம் இறங்கினால் துரு தொடங்குவது அந்த விரிசலில்தான்.

இதையெல்லாம் தவிர்க்கும் வேலை, கம்பி கட்டுவதற்கும் முன்னால் தொடங்குகிறது. சென்ட்ரிங் அடித்து முடித்த வெறும் தகட்டின்மேல் ஒவ்வொரு புள்ளியையும் பெயிண்டால் குறிக்க வேண்டும். 12க்கு 20 அடி ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலத்தில் நடு ஆறடி. நீளத்தில் இரண்டு ஃபேன் என்றால் ஒரு சுவரிலிருந்து ஐந்தடியிலும் பதினைந்தடியிலும் வைத்தால் காற்று சமமாகப் பரவும். அறையை மூன்றாகப் பிரித்து வைப்பவர்கள் உண்டு. அப்போது சுவரோரத்து நாற்காலிகளுக்குக் காற்று குறையும். 10க்கு 12 அடி படுக்கையறையில் கணக்கு மாறும். ஒரு பக்கச் சுவரை அடைத்து இரண்டடி அலமாரி வரப்போகிறது என்றால் மிஞ்சும் அறை பத்தடிதான். ஃபேன் அந்தப் பத்தடியின் நடுவில், அதாவது எதிர்ச்சுவரிலிருந்து ஐந்தடியில் வர வேண்டும். பன்னிரண்டு அடிக்கு நடுப் பார்த்துக் குறித்துவிட்டால் ஒரு அடி தள்ளிப்போகும். குடிவந்த பிறகு கட்டிலில் படுத்தால் தலைக்குக் காற்று வராததன் காரணம் பல வீடுகளில் இந்த ஒரு அடிதான்.

லைட் பாக்ஸையும் ஃபேனோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். 1200 மில்லிமீட்டர் ஃபேன் என்றால் மையத்திலிருந்து இரண்டடி வரை இறக்கை சுற்றும். அந்த வட்டத்துக்கு மேலே விளக்கு வந்தால் இறக்கையின் நிழல் அறை முழுவதும் துடித்துக்கொண்டே இருக்கும். மையத்திலிருந்து மூன்றடிக்கு அப்பால் வைத்தால் தொல்லை இல்லை.

அளவு எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது பீம். அறையின் அளவைத் தீர்மானிப்பதோ கீழே வரும் சுவர். ஒன்பது இஞ்ச் பீமுக்கு அடியில் நாலரை இஞ்ச் சுவர் ஒரு பக்கமாக ஒட்டி வரும் இடங்களில் இரண்டும் ஒன்றல்ல. சுவரின் உள்முகத்திலிருந்துதான் டேப் பிடிக்க வேண்டும்.

குறித்தாயிற்று, அடுத்து பாக்ஸ். தளத்துக்கென்றே ஆழமான ஜங்ஷன் பாக்ஸ் விற்கிறார்கள்; உயரம் சுமார் 65 மில்லிமீட்டர் இருக்கும். சுவரில் பதிக்கும் ஆழம் குறைந்த பாக்ஸை இங்கே வைக்கக் கூடாது. காரணம், மேலே சொன்ன 36 மில்லிமீட்டர்தான். பைப் அந்த இரண்டு வரிசைக் கம்பிக்கு மேலே ஓட வேண்டும். பாக்ஸின் பக்கத் துளை அதற்கும் கீழே இருந்தால், பைப் கம்பிக்கு அடியில் நுழைந்து கவரைத் தின்றுவிடும். சென்ட்ரிங் பிரித்ததும் தளத்தின் அடியில் பைப்பின் கோடே தெரியும் வீடுகள் இப்படி வந்தவை.

பாக்ஸுக்குள் மணலோ பழைய காகிதமோ திணித்து, வாயை டேப்பால் மூடி, கவிழ்த்துப் பலகையில் ஆணியடித்து நிறுத்துகிறார்கள். வாய்க்கும் பலகைக்கும் இடையில் சந்து இருந்தால் சிமெண்ட் பால் உள்ளே புகுந்து கல்லாகிவிடும். அதையும் பிறகு கொத்தத்தான் வேண்டும். ஃபேன் பாக்ஸுக்கு இன்னொரு கவனம் உண்டு. அதற்குள் வளைந்திருக்கும் கொக்கியின் இரு கால்களும் வெளியே நீண்டு, அடிவரிசைக் கம்பிகளின் மேலே உட்கார்ந்து, கட்டுக்கம்பியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கால்கள் கம்பிக்குக் கீழே கிடந்தால் ஃபேனைத் தாங்குவது அந்த மெல்லிய கவர் மட்டுமே. ஃபேனின் எடை சில கிலோதான் என்றாலும் அது வருடக்கணக்கில் ஆடிக்கொண்டே இருக்கும் எடை.

அடிக்கம்பி கட்டிய பிறகு, மேல்கம்பி கட்டுவதற்கு முன், பைப் போடும் நேரம். தகட்டோடு ஒட்டாமல், அடிக்கம்பியோடு மூன்று நான்கு அடிக்கு ஒரு கட்டு. திருப்பத்தில் எல்போ வைத்தால் வயர் இழுக்கும்போது சிக்கும். ஸ்பிரிங் நுழைத்துப் பைப்பையே நீள வளைவாக வளைப்பதுதான் முறை. இணைப்பு ஒவ்வொன்றிலும் சொல்யூஷன் தடவ வேண்டும், வெறுமனே செருகினால் போதாது.

இதையெல்லாம் பெரும்பாலான எலெக்ட்ரீஷியன்கள் சரியாகவே செய்கிறார்கள். பிழை நேர்வது பைப்புகள் ஒன்றுகூடும் இடத்தில். மெயின் போர்டுக்கு மேலே எட்டுப் பைப்புகள் ஒட்டி ஒட்டி, கட்டிய விறகுபோல் கிடக்கும். அவற்றுக்கு நடுவில் ஜல்லி இறங்காது. அந்த இடத்தில் தளம் கான்கிரீட்டாக இல்லாமல் மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய தகடாகப் பிரிந்துவிடும். பைப்பின் வெளிவிட்டம் தளத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, பக்கத்துப் பைப்பின் மையம் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி இருக்க வேண்டும் என்பது ஏ.சி.ஐ. 318 என்ற அமெரிக்கக் கான்கிரீட் விதித்தொகுப்பில் நெடுநாள் இருந்துவந்த கணக்கு. நம் ஐந்து இஞ்ச் தளத்தில் மூன்றில் ஒரு பங்கு 42 மில்லிமீட்டர் சொச்சம். 25 மில்லிமீட்டர் பைப் தாராளமாகப் போகும். ஆனால் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டால் 50 ஆகிவிடும். 20 மில்லிமீட்டர் பைப்புகள் என்றால் 40, விளிம்பில் தப்பிக்கும். எட்டு 25 மில்லிமீட்டர் பைப்புகளை 75 மில்லிமீட்டருக்கு ஒன்றாக விரித்தால் இரண்டடி அகலம் வேண்டும். அந்த இரண்டடியை ஒதுக்கித் தராமல் எலெக்ட்ரீஷியனைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சுவிட்ச் போர்டுக்கு இறங்கும் பைப் பீமைக் கடந்துதான் வரும். பீம் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, கீழே சுவர் வரப்போகும் இடத்தின் நடுவில் அதன் முனை எட்டிப் பார்க்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிறகு பீமின் பக்கவாட்டைக் கொத்துவதுபோல் மோசமான வேலை வேறு இல்லை. ஒரு பீம் தாங்குவது ஒரு அறையை மட்டுமல்லவே.

தண்ணீர்ப் பைப்புக்கான சிலீவ் வேறு வகை. 110 மில்லிமீட்டர் பைப் இறங்கும் இடத்தில் 160 மில்லிமீட்டர் பைப் துண்டை நிறுத்தினால் சுற்றிலும் 20 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி கிடைக்கும். பிறகு அதைச் சுருங்காத கிரௌட்டால் நிரப்பலாம். பைப்பை இறுக்கமாகப் பதித்துவிட்டால் கசிவை அடைக்க வழியே இருக்காது. துண்டு தளத்துக்கு மேலே இரண்டு இஞ்சாவது நீட்டிக்கொண்டிருப்பது நல்லது. கம்பி குறுக்கே வந்தால் வெட்டாமல் ஒன்றிரண்டை ஒதுக்கிக் கட்டலாம். துளை ஒரு அடி அளவுக்குப் பெரிதானால், வெட்டுப்படும் கம்பிக்கு ஈடாக இருபுறமும் கூடுதல் கம்பி வைக்க வேண்டும்; அதை முடிவு செய்ய வேண்டியவர் பொறியாளர், பிளம்பர் அல்ல.

கான்கிரீட் போடும் அன்று எலெக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போய்விடுவது நம் ஊர்ப் பழக்கம். அது கெட்ட பழக்கம். சட்டி தூக்குபவர்களின் கால் பட்டு இணைப்பு கழலும், வைப்ரேட்டர் ஊசி பாக்ஸை நகர்த்தும். ஒரு முழப் பைப்பும் சொல்யூஷன் டப்பாவும் கையில் வைத்துக்கொண்டு அவர் கடைசிச் சட்டி வரை தளத்தில் நிற்க வேண்டும். கூலியில் அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பாக்ஸ் விட்டுப்போகலாம். அப்போதும் உளி தேவையில்லை. கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியை வைத்துப் பார்த்து, கம்பி இல்லாத இடத்தில் டிரில் போட்டு, ஆங்கர் போல்ட்டில் ஃபேன் கிளாம்பை மாட்டலாம். வயரைத் தளத்தின் அடியில் கேசிங் பட்டையில் கொண்டுவரலாம், ஃபால்ஸ் சீலிங் வருமானால் அதுவும் தெரியாது. தண்ணீர்ப் பைப்புக்கு வைரப் பல் வைத்த கோர் கட்டர் அதிர்வில்லாமல் வட்டமாக வெட்டித் தரும். பால்கனியும் சன்ஷேடும் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்கிறது. பைப் புதைப்பதற்காக பால்கனியின் மேல்பரப்பில் காடி வெட்டுபவரை உடனே நிறுத்துங்கள். கான்கிரீட் வண்டி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு அறையாக நடந்து, பாக்ஸ்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு எண்ணி, டேப்பை விரித்து வைத்துப் பைப்புகளைப் போட்டோ எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.