இருபதில் மூன்று: நினைவுக் குறிப்புகளை மறுவரிசைப்படுத்துதல்

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் பலவற்றில் இப்போது ‘நினைவு’ என்றொரு வசதி இருக்கிறது. மொழி மாதிரி எதையும் தானாக நினைவில் வைத்திருப்பதில்லை. நாம் முன்பு சொன்னவை சிறு சிறு குறிப்புகளாக வெளியே ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. புதிய கேள்வி வந்ததும் அதற்குத் தொடர்புள்ள குறிப்புகளைத் தேடி எடுத்து, கேள்வியோடு சேர்த்து மாதிரிக்கு அனுப்புகிறார்கள். இப்படி அனுப்பப்படும் முழு உரையைத்தான் தூண்டுரை அல்லது பிராம்ப்ட் என்கிறோம். எந்தக் குறிப்புகள் அந்தத் தூண்டுரைக்குள் போகின்றன என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சங்கரன்கோவில் பகுதிக் கணித ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பறைக் குறிப்புகளை இப்படிச் சேமித்து வருகிறார் என்று கொள்வோம். ஆகஸ்டு மாதம் அவர் கேட்கிறார்: “7-ஆம் வகுப்புக்கு நாளை வேற்றினப் பின்னங்களின் கூட்டலை மறுபடி எடுக்கிறேன். பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள்?” சேமிப்பில் உள்ள 2,000 குறிப்புகளில் நான்கு இவை:

அ) 8-ஆம் வகுப்பு. வேற்றினப் பின்னங்களின் கூட்டல் தேர்வு. யாரும் தடுமாறவில்லை.
ஆ) 7-ஆம் வகுப்பு. தாளை மடித்து அரை, கால் காட்டிப் பின்னம் மீள்பார்வை தொடங்கினேன்.
இ) 7-ஆம் வகுப்பு. 1/2 + 1/3 = 2/5 என்று பலர் எழுதினார்கள்.
ஈ) 7-ஆம் வகுப்பு. மீச்சிறு பொது மடங்கு எடுத்த இரண்டு நாளும் ஆடித்தபசுத் திருவிழா. பாதிப்பேர் வரவில்லை.

அவருக்கு வேண்டியவை இ-யும் ஈ-யும்தான். பிள்ளைகள் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுகிறார்கள் என்பதை இ காட்டுகிறது. பகுதிகளைச் சமமாக்கத் தேவையான பாடத்தைப் பாதி வகுப்பு கேட்கவே இல்லை என்பதை ஈ சொல்கிறது.

ஆனால் முதல் தேடலில் மேலே வர வாய்ப்புள்ளது அ. காரணம் தேடும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் சேமிக்கப்படும்போதே நீண்ட எண்கோவையாக, அதாவது வெக்டராக மாற்றப்படுகிறது. கேள்வியும் அதேபோல் மாற்றப்பட்டு, அதற்கு நெருக்கமான எண்கோவைகள் எடுக்கப்படுகின்றன. குறிப்பை எண்ணாக மாற்றிய நேரத்தில் கேள்வி என்னவென்று தெரியாது. அதனால் அந்த எண்கோவையில் ‘இது எதைப் பற்றியது’ என்பது நன்றாகப் பதிகிறது. எந்த வகுப்பு, தடுமாறினார்களா இல்லையா போன்ற நுட்பங்கள் மங்கிவிடுகின்றன. கேள்வியின் சொற்கள் அப்படியே இருப்பதால் அ முந்துகிறது. பின்னம் என்ற சொல்லே இல்லாத ஈ, பதினைந்தாம் இடத்துக்குத் தள்ளப்படலாம்.

அப்படியானால் இருபதையும் தூண்டுரையில் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. நெல்சன் லியு குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், விடை உள்ள பத்தி நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ இருந்தால் மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்தின. நடுவில் இருந்தபோது விடைகளின் துல்லியம் குறைந்தது. நம் எடுத்துக்காட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அ முதலில் நின்று ஈ நடுவில் புதைந்தால், “பிள்ளைகள் இதில் தடுமாறவில்லை” என்ற விடைகூட வரலாம். அதை நம்பினால் குறைதீர் கற்பித்தல் தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போகும்.

இந்த இடத்தில்தான் மறுவரிசை வருகிறது. முதல் தேடல் தந்த 20 குறிப்புகளையும் இன்னொரு மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து, கேள்வியையும் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்துப் படிக்கிறது. ‘இந்தக் கேள்விக்கு இந்தக் குறிப்பு எவ்வளவு பயன்படும்’ என்று மதிப்பெண் தருகிறது. சேர்த்துப் படிப்பதால் ‘7’ எங்கே, ‘8’ எங்கே, ‘தடுமாறினார்கள்’ எங்கே, ‘தடுமாறவில்லை’ எங்கே என்று ஒப்பிட முடிகிறது. இ, ஈ மேலேறவும் அ கீழிறங்கவும் வழி பிறக்கிறது. மேலே வந்த மூன்று மட்டும் தூண்டுரைக்குப் போகின்றன. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ரோட்ரிகோ நோகேராவும் கியுங்ஹியுன் சோவும் 2019-இல் பெர்ட் என்ற மாதிரியைக் கொண்டு தேடல் முடிவுகளை இப்படி மறுவரிசைப்படுத்திக் காட்டினார்கள். பல மொழிகளுக்கான மறுவரிசை மாதிரிகளும் இப்போது உள்ளன; `bge-reranker-v2-m3` அவற்றில் ஒன்று.

இவ்வளவு நன்றாகப் படிக்கும் மாதிரியை முதலிலேயே 2,000 குறிப்புக்கும் பயன்படுத்தினால் என்ன? நேரம்தான் தடை. எண்கோவையை முன்கூட்டியே செய்து வைக்கலாம். சேர்த்துப் படிப்பதை ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். 10,000 வாக்கியங்களில் மிகவும் ஒத்த இணையைக் கண்டுபிடிக்க, எல்லா இணைகளையும் சேர்த்துப் படித்தால் சுமார் 65 மணி நேரமும், எண்கோவைகளை ஒப்பிட்டால் சுமார் 5 விநாடியும் ஆகும் என்று நில்ஸ் ரெய்மர்ஸ், இரினா குரேவிச் ஆகியோர் 2019-இல் கணக்கிட்டனர். ஆகவே, விரைவான முறையால் 20 எடுத்து, நிதானமான முறையால் 3 தேர்வது நடைமுறைக்கு ஏற்றது.

மறுவரிசைக்கு எல்லைகள் உண்டு. முதல் இருபதில் வராத குறிப்பை அதனால் கொண்டுவர முடியாது. ஈ நாற்பதாம் இடத்தில் இருந்தால் மறுவரிசை மாதிரி அதைப் பார்ப்பதே இல்லை. அடுத்து, ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாக மதிப்பெண் தருவதால், ஒரே செய்தியை மூன்று நாள் எழுதியிருந்தால் மூன்றும் மேலே வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே தேர்ந்த குறிப்போடு மிகவும் ஒத்ததைத் தள்ளிவிடும் ஒரு படி தேவை. மூன்றாவதாக, குறிப்பில் தேதி இல்லாவிட்டால் பழையது எது, புதியது எது என்று அதற்குத் தெரியாது. வகுப்பு, தேதி போன்றவற்றைத் தனிப் புலங்களாகச் சேமித்து, ‘7-ஆம் வகுப்பு மட்டும்’ என்று முதலிலேயே வடிகட்டுவது எந்த மதிப்பெண்ணையும் விட உறுதியானது. பயனுள்ளது ஒன்றுகூட இல்லை என்றால் எதையும் அனுப்பாமல் இருக்க, குறைந்தபட்ச மதிப்பெண் ஒன்றையும் வைக்க வேண்டும். இல்லையேல் இருப்பவற்றில் தேவலை என்ற மூன்று எப்போதும் உள்ளே போகும்.

கோளாறு எந்தப் படியில் என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. சரியான குறிப்பு எது என்று நமக்கே தெரிந்த 20 கேள்விகளை எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குறி இட வேண்டும்: சரியான குறிப்பு முதல் இருபதில் வந்ததா? கடைசி மூன்றில் வந்ததா? இருபதிலேயே வரவில்லை என்றால் தேடலை விரிவாக்க வேண்டும். 20-க்குப் பதில் 50 எடுக்கலாம், அல்லது குறிப்பைத் தெளிவாக எழுதலாம். இருபதில் வந்து மூன்றில் வராவிட்டால் மறுவரிசை மாதிரியை மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றிலும் வந்து விடை தவறினால் பிழை மொழி மாதிரியுடையது.

இந்தப் படிகளில் ஆசிரியரின் கையில் நேரடியாக இருப்பது குறிப்பை எழுதும் விதம். ஈ-யில், “வேற்றினப் பின்னக் கூட்டலுக்குத் தேவையான மீச்சிறு பொது மடங்கு” என்று எழுதியிருந்தால் பதினைந்தாம் இடத்துக்குப் போயிருக்காது. வகுப்பு, பாடம், நடந்தது, தேதி நான்கும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கட்டும். மாணவர் பெயர் வேண்டாம். குறிப்பு தேடிக் கிடைக்க அது தேவைப்படுவதும் இல்லை.