சங்கிலித் தொட்டியைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் பழைய கட்டடத்தில் கடையோ கிடங்கோ வைத்திருப்பவர்கள் பலரது பின்கட்டுக் கழிப்பறையில் சங்கிலி இழுக்கும் வார்ப்பிரும்புத் தொட்டி இன்றும் இருக்கிறது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கிடங்கிலும் ஒன்று உண்டு. சங்கிலி அறுந்து போய், மூட்டை தைக்கும் சணலைத்தான் கட்டி இழுத்து வந்தோம்.

சென்ற கோடையில், வழக்கமாக ஒரு வேளை ஓடும் மோட்டாரை இரண்டு வேளை ஓட்ட வேண்டி வந்தது. தேடிப் பார்த்ததில், தொட்டியின் வழிவுக் குழாயிலிருந்து சுவருக்கு வெளியே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டர் குவளையைப் பிடித்தோம். 4 நிமிடத்தில் நிறைந்தது. அப்படியானால் மணிக்கு 15 லிட்டர், நாளைக்கு 360 லிட்டர், மாதத்துக்கு 10,800 லிட்டர். 6,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய இரண்டு லாரித் தண்ணீர்! 2019 கோடையில் லாரிக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாற்றிவிடலாம் என்று பையன்கள் சொன்னார்கள். முதலில் பழுது எங்கே என்று பார்ப்போம் என்றோம். வழிவுக் குழாயில் நீர் வந்தால் குற்றம் பால்வால்வில்தான். வழிவுக் குழாயில் வராமல் பேசினுக்குள் நூல்போல் இறங்கினால், தொட்டிக்கு வரும் குழாயை இரவில் மூடிவிட்டு, நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியில் விரிசல் அல்லது அடிக்குழாய் இணைப்பில் கசிவு. இறங்காவிட்டால், வழிவுக் குழாய் அடைத்துக்கொண்டு, மிஞ்சிய நீர் நடுக்குழாய் வழியாக இறங்குகிறது என்று பொருள். அதற்கும் காரணம் பால்வால்வே.

எங்களுடையதில் வாஷர் கல்லாய் இறுகியிருந்தது. ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு வேறு வால்வின் வாயில் படிந்திருந்தது. சுரண்டி, புது வாஷர் போட்டதும் கசிவு நின்றது. டீச்செலவு அளவுக்குத்தான் செலவு.

ஆனால் மூன்று முறை இழுத்தால்தான் தண்ணீர் இறங்கும் என்ற குறை அப்படியே இருந்தது. இந்தத் தொட்டிக்குள் கவிழ்த்த மணி ஒன்று நடுக்குழாயை மூடி நிற்கிறது. சங்கிலியை இழுத்தால் மணி உயர்கிறது. விட்டதும் விழுந்து, தனக்குள் இருக்கும் நீரைக் குழாயின் மேல்வாயைத் தாண்டித் தள்ளுகிறது. அந்த ஓட்டமே மற்ற நீரையும் உறிஞ்சி இழுத்துச் செல்கிறது. மணியின் உச்சியில் துருவால் ஓட்டை விழுந்தால் காற்று புகுந்துவிடும், உறிஞ்சல் பிடிக்காது. ஓட்டையைப் பசை வைத்து அடைப்பது சில வாரங்களுக்குத்தான் நிற்கும். எங்கள் மணி நன்றாகவே இருந்தது. அடிக்குழியில் துருச்சேறு சேர்ந்து மணியைச் சரியாக விழ விடாமல் தடுத்திருந்தது. அள்ளிப் போட்டதும் ஒரே இழுப்பில் இறங்கியது.

ஆகவே வாஷர், மிதவை, சங்கிலி, சேறு என்றால் பழுது பாருங்கள். உடல் விரிந்தாலோ மணி ஓட்டையானாலோ மாற்றுங்கள். முக்கியமாக, ஏணி வைத்து ஏறித் தாங்கிகளைப் பாருங்கள். சுவருக்குள் நுழையும் இடத்தில் துரு அரித்து மெலிந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். இரும்பும் 10 லிட்டருக்கு மேற்பட்ட நீரும் சேர்ந்த பாரம், கீழே உட்காருபவர் தலைக்கு நேராகத் தொங்குகிறது.

மாற்றுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துக் கடைக்காரர் தாழ்வான பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, பழைய ஒன்றேகால் அங்குலக் குழாயையே அறுத்துப் பொருத்தினார். இரண்டு முறை அழுத்தினாலும் பேசின் சுத்தமாகவில்லை. ஆறடிக்கு மேலிருந்து விழும் நீருக்கு வேகம் இருக்கிறது, சிறிய குழாய் போதும். தாழ்விலிருந்து வரும் நீருக்கு வேகம் குறைவு. அது ஒரே நேரத்தில் மொத்தமாக வந்தாக வேண்டும். அதற்கு ஒன்றரை அங்குலக் குழாய் வேண்டும், வளைவுகளும் குறைவாக இருக்க வேண்டும். எண்ணெய் டின்னுக்குக் குறுகிய புனல் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? குழாயை மாற்றி, பேசின் வாய்க்கு ஏற்ற ரப்பர் இணைப்பும் போட்ட பிறகுதான் அவர் தொல்லை தீர்ந்தது.

இடத்தையும் வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். இந்தியன் பேசின் சுவரை ஒட்டி இருந்தால், தாழ்த்தி வைத்த தொட்டி உட்காருபவர் முதுகில் இடிக்கும். சற்று உயர்த்தித்தான் வைக்க வேண்டும். வெஸ்டர்ன் பேசினில் மூடி நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும். இல்லையென்றால் மூடி தானே விழும். தண்ணீர் வரும் குழாயையும் கீழே இறக்கி, தனியாக ஒரு ஸ்டாப்காக் வைக்க வேண்டும்.

பால்வால்வு வாங்கும்போது, மாடித் தொட்டித் தண்ணீருக்கு என்று கடையில் சொல்லுங்கள். அழுத்தம் மிகுந்த குழாய்க்கான வால்வில் துளை சிறியது. மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள கழிப்பறையில் அதைப் போட்டால் தொட்டி நிரம்ப வெகுநேரம் ஆகும். 3 லிட்டர், 6 லிட்டர் என இரட்டைப் பொத்தான் தொட்டி சிக்கனமானதுதான். ஆனால் பழைய பேசின் 10 அல்லது 12.5 லிட்டருக்குச் செய்தது. 6 லிட்டரில் அது கழுவாவிட்டால் இரண்டு முறை அழுத்த நேரும், மிச்சம் போய்விடும். அதனால் ஒரு வாளியில் 6 லிட்டர் அளந்து, பேசினில் ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள். சுத்தமாகப் போகவில்லையென்றால் 10 லிட்டர் தொட்டியே வாங்குங்கள், அல்லது பேசினையும் சேர்த்து மாற்றுங்கள்.