பங்க் பில்லில் மூணு நம்பர்: பெருக்கிப் பாத்தா பிழை தெரியும்

இந்த எபிசோட்ல நான் எழுதின ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டையும், அதுல இருந்த ஒரு ஓட்டையால ஒரு மனுஷர் மேல வீண் பழி விழப் பாத்ததையும் பத்திப் பேசப் போறேன். ஓட்டை என்னோடது. அதனாலதான் தைரியமா சொல்றேன்.

எங்க சித்தப்பாகிட்ட ஒரு சின்ன டீசல் லோடு வண்டி இருக்கு. ஓட்டுறது ஒரு டிரைவர் அண்ணன், ஆறேழு வருஷமா அவர்தான். டீசல் போட்டதும் பங்க்ல தர்ற பில்லை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிடுவார், கூடவே கிலோமீட்டர் ரீடிங்கையும் டைப் பண்ணிடுவார். சித்தப்பா அதை நோட்டுல எழுதி வைப்பார். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, இதை தானா ஏறுற மாதிரி பண்ணிக் குடேன்"னு கேட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் உக்காந்து பண்ணிக் குடுத்தேன்.

முதல்ல பண்ணது ரொம்ப நேரடியான வேலை. டெசராக்ட்னு ஒரு இலவச ஓசிஆர் மென்பொருள் இருக்கு. படத்துல இருக்கிற எழுத்தை டெக்ஸ்டா மாத்தித் தரும். பில் ஒரே கட்டமா அச்சாகியிருக்கிறதால இப்படி ஓட்டுனேன்:

```
tesseract bill.jpg out --psm 6
```

அந்த `6` என்ன பண்ணும்னா, "இந்தப் படம் முழுக்க ஒரே பத்தி, அப்படியே வரிவரியா படி"ன்னு சொல்லும். வர்ற டெக்ஸ்ட்ல `Rate`, `Volume`, `Amount` மூணையும் தேடி, பக்கத்துல இருக்கிற எண்ணை எடுத்து ஷீட்ல போட்டுடும். அவ்ளோதான். ரெண்டு மாசம் நல்லாவே ஓடுச்சு.

ஒரு நாள் ராத்திரி சித்தப்பா போன். "தம்பி, வண்டி எப்பவும் பதினெட்டு குடுக்கும். இந்த வாட்டி பதினாறுன்னு காட்டுது. ரெண்டு லிட்டர் எங்கடா போச்சு?" குரல்லயே தெரிஞ்சுது, அவர் மனசு டிரைவர் அண்ணன் பக்கம் போயிடுச்சு. காலைல கேட்டுடப் போறேன்னார். நான் "ஒரு நிமிஷம் இருங்க"ன்னு சொல்லிட்டு ஷீட்டைத் திறந்தேன். ஓடினது 294 கிலோமீட்டர். லிட்டர் 18.35. வகுத்தா 16.02. கணக்கு சரிதான். அதுக்கு மேல இருந்த ரெண்டு கட்டத்தைப் பாத்தப்போதான் உறைச்சுது. விலை 92.48, தொகை 1512.05.

18.35 லிட்டரை 92.48-ஆல பெருக்கினா 1697 ரூபாய் வரணும். பில்லுல இருக்கிறதோ 1512. போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். பில்லை நாலா மடிச்சிருக்காரு, மடிப்புக் கோடு சரியா ஒரு 6 மேல போயிருக்கு. நிஜ எண் 16.35. ஓசிஆர் அதை 8-னு படிச்சிருக்கு. 294-ஐ 16.35-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 18. வண்டியிலயும் குத்தமில்ல, அண்ணன் மேலயும் குத்தமில்ல.

இங்கதான் நான் கவனிக்காம விட்ட விஷயம் இருக்கு. பங்க் பில்லுல இருக்கிற மூணு எண்ணும் தனித்தனி எண் கிடையாது. லிட்டரை விலையால பெருக்கினா தொகை. அதாவது பில்லுலயே அதைச் சரிபாக்குற வழியும் அச்சாகி வந்துடுது. மளிகைக் கடை பில்லுல இருபது பொருள் இருக்கும், ஒண்ணு விட்டுப்போனா கண்டுபிடிக்கிறது கஷ்டம். இங்க ஒரே ஒரு பெருக்கல்.

ஆனா சரியா சமமா வரணும்னு எதிர்பாக்கக் கூடாது. லிட்டர் ரெண்டு தசம இடத்துக்குத்தான் அச்சாகும். அதுக்கு மேல உள்ளது பில்லுல தெரியாது. 500 ரூபாய்க்கு டீசல் போட்டா, 92.48 விலைக்கு 5.4066 லிட்டர் வரும், பில்லுல 5.41-னு இருக்கும். திருப்பிப் பெருக்கினா 500.32. இந்த 32 காசு தப்பு இல்ல, முழுமையாக்கினதால வந்தது. அதனால 0.01 லிட்டருக்கு என்ன விலையோ, அந்த அளவு வித்தியாசத்தை அனுமதிக்கிறேன். டீசலுக்கு சுமார் 92 காசு.

```python
def ok(l, r, a):
    return abs(l * r - a) <= r * 0.01
```

இந்த வலையில தப்பிக்கிற பிழையும் உண்டு. 16.35-ஐ 16.36-னு படிச்சா சில நேரம் மாட்டாது. ஆனா அது பத்து மில்லி. மைலேஜ்ல அது தெரியவே தெரியாது. தொந்தரவு பண்ற அளவு பெரிய பிழை எல்லாம் மாட்டிக்கும். எனக்கு இந்தச் சோதனையில ரொம்பப் பிடிச்சதே இதுதான்.

சரி, மாட்டின பிறகு என்ன பண்றது? மூணுல எது தப்புன்னு பெருக்கல் சொல்லாது. ஆனா ஊகிக்கலாம். எங்க பில்லையே எடுத்துக்கோங்க. லிட்டர்தான் தப்புன்னா அது 16.35 ஆகணும், 18.35-ல ஒரே ஒரு இலக்கம் மாறுனா போதும். விலை தப்புன்னா 92.48 வந்து 82.40 ஆகணும், ரெண்டு இலக்கம் மாறணும். தொகை தப்புன்னா 1512.05 வந்து 1697.01 ஆகணும், நாலு இலக்கம். ஒரு இலக்கம் மாறுறதுதான் நடக்கக்கூடியது, அதுவும் 6 8-ஆ தெரியறது தினம் நடக்கிறது. இருந்தாலும் ஸ்கிரிப்ட்டே திருத்திடக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். அது தன் ஊகத்தைப் பக்கத்துல காட்டும், ஒரு ஆள் போட்டோவைப் பாத்து ஓகே சொல்லணும்.

அடுத்து இன்னொரு தலைவலி. எண் சரியா இருந்தாலும் அதோட பேரு கிடைக்காது. மை மங்கின பில்லுல `Volume` வந்து `Vo1ume` ஆயிடும், `Rate` பாதி அழிஞ்சிருக்கும். பங்க்குக்குப் பங்க் வார்த்தையும் மாறும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரீஜெக்ஸ் எழுதிட்டே இருந்தேன், முடியல. அப்புறம்தான் தோணுச்சு: பெருக்கலை சரிபாக்க மட்டும் ஏன் வெச்சுக்கணும், கண்டுபிடிக்கவே அதைப் பயன்படுத்தலாமே? பில்லுல இருக்கிற தசம எண் எல்லாத்தையும் அள்ளு. மும்மூணா எடுத்துப் பாரு. எந்த மூணு எண் பெருக்கலுக்குப் பொருந்துதோ, அதுதான் நமக்கு வேணும்.

```python
from itertools import permutations

hits = [(l, r, a)
        for l, r, a in permutations(set(nums), 3)
        if 0.5 <= l <= tank and 80 <= r <= 120
        and ok(l, r, a)]
```

பில்லுல அடர்த்தி இருக்கும், சில பில்லுல இயந்திரம் இதுவரைக்கும் ஊத்தின மொத்தக் கணக்கும் இருக்கும். அதெல்லாம் இந்த வடிகட்டியில தானா விழுந்துடும். `set` எதுக்குன்னா, 500 ரூபாய்க்குப் போடுங்கன்னு சொல்லியிருந்தா அந்த 500 முன்கூட்டியே செட் பண்ண தொகைன்னு ஒரு வாட்டி, விற்பனைத் தொகைன்னு ஒரு வாட்டி அச்சாகியிருக்கும். அது இரட்டிப்பா வரக்கூடாது. ஒரே ஒரு விடை வந்தா ஏத்திக்கலாம். ஒண்ணுமே வரலைன்னாலோ, ஒண்ணுக்கு மேல வந்தாலோ, மனுஷன் பாக்கணும்.

அந்த `tank`, 80, 120 எல்லாம் அலங்காரம் இல்ல. பெருக்கலுக்கு வரிசை தெரியாது. 16.35-ஐ விலையாகவும் 92.48-ஐ லிட்டராகவும் வெச்சாலும் அதே 1512 வரும். எது லிட்டர்னு சொல்றது டேங்க் கொள்ளளவுதான். 92 லிட்டர் அந்த வண்டியில எங்க ஊத்துறது? பெரிய லாரிக்கு நூறு லிட்டர் சாதாரணம். அங்க இந்த வரம்பு உதவாது, முந்தின பில்லோட விலையை வெச்சுத்தான் பிரிக்கணும். பெட்ரோல், டீசல் விலை 2017 ஜூன்ல இருந்து தினமும் மாறலாம்னு ஆனாலும், ஒரே நாள்ல சில காசுக்கு மேல நகர்றது அபூர்வம்.

தொகைக்கு பங்க் இயந்திரத்தோட பில்லைத்தான் எடுக்கணும், கார்டு ஸ்லிப்பையோ யுபிஐ மெசேஜையோ இல்ல. 1512.05-க்கு யாரும் அஞ்சு காசு தேடிக் குடுக்க மாட்டாங்க, 1510-ன்னு முடிச்சிடுவாங்க. அப்புறம் பெருக்கல் பொருந்தல, பொருந்தலன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டியதுதான். அதே மாதிரி கையால எழுதின பில்லுக்கு இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. எழுதினவரே கால்குலேட்டர்ல பெருக்கித்தானே எழுதியிருப்பாரு.

பில் சரியா ஏறிட்டா மட்டும் மைலேஜ் வந்துடாது. பில்லுல கிலோமீட்டர் இல்ல, டேங்க் நிறைஞ்சுதா இல்லையாங்கிறதும் இல்ல. இந்த ரெண்டையும் ஓட்டுறவர்தான் சொல்லணும். என் ஷீட்ல தலைப்பு இப்படி:

```
date,odo,litres,rate,amount,full
```

ஃபுல் டேங்க்ல இருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரைக்கும்தான் கணக்கு. நடுவுல போட்ட சில்லறை டீசல் எல்லாம் கூட்டிக்கணும். இதுக்கு அடுத்த ஓட்டத்தைப் பாருங்க: 390 கிலோமீட்டர், நடுவுல 500 ரூபாய்க்கு 5.41 லிட்டர், கடைசியில ஃபுல் பண்ணப்போ 16.30. மொத்தம் 21.71 லிட்டர், லிட்டருக்கு 17.96 கிலோமீட்டர். அந்த 500 ரூபாய் பில் மட்டும் தொலைஞ்சிருந்தா 23.9-னு காட்டியிருக்கும். மைலேஜ் குறைஞ்சா எல்லாரும் பதறுவாங்க. திடீர்னு கூடினா சந்தோஷப்பட்டுட்டு விட்டுடுவாங்க. கூடினா ஒரு பில் காணோம்னு அர்த்தமா இருக்கலாம், தேடிப் பாருங்க.

கடைசியா போட்டோ. பங்க் பில் தெர்மல் தாள். சூடு பட்டா கறுக்கும், நாள் ஆனா வெளுக்கும். டேஷ்போர்டு மேல வெயில்ல கிடந்த பில்லை எந்த ஓசிஆரும் காப்பாத்தாது. பங்க்லயே, மடிக்காம, தட்டையா வெச்சு எடுக்கணும். வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா அசல் அப்படியே வரும். இதை டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னப்போ "அதுக்கென்ன தம்பி"ன்னுட்டு, அடுத்த பில்லை ஸ்டியரிங் நடுவுல வெச்சு, கிலோமீட்டர் மீட்டரும் தெரியற மாதிரி ஒரே படமா எடுத்து அனுப்பினார். எனக்குத் தோணாத யோசனை.

சோதனையில தோத்த வரிக்கு இப்போ ஸ்கிரிப்ட் மைலேஜே போடாது, கட்டம் காலியா இருக்கும், பக்கத்துல போட்டோ லிங்க் இருக்கும். போன வாரம் ஒண்ணு காலியா வந்துச்சு. சித்தப்பா எனக்கு போன் பண்ணல, லிங்க்கைத் திறந்து அவரே 3-ஐ 8-ஆ மாத்திட்டார்.