ஒரே போன், இரண்டு பிரவுசர்: உறுதி செய்யும் லிங்க் எங்கே தடுமாறுகிறது?

ஓர் இணையதளத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறோம். பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்தாயிற்று. 'உங்கள் மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறோம், அதை அழுத்தி உறுதி செய்யுங்கள்' என்கிறது திரை. மெயிலைத் திறந்து அழுத்தினால், லிங்க் காலாவதியாகிவிட்டது என்றோ, செல்லாது என்றோ பதில் வருகிறது. மெயில் வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. உடனே நம்மில் பலர் 'மறுபடி அனுப்பு' பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறோம். பல நேரங்களில் சிக்கலை இன்னும் இறுக்குவது அந்தப் பொத்தான்தான். ஏனென்றால், 'காலாவதி' என்று தளம் சொன்னாலும் நேரம் தீர்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அந்த லிங்க்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இணையதளங்கள் கட்டுவோர் பரவலாகப் பயன்படுத்தும் 'லாராவெல்' என்ற மென்பொருள் கட்டமைப்பு, இந்த மாதிரி லிங்க்கைத்தான் அனுப்புகிறது:

```
https://example.com/email/verify/48/3f9a...?expires=1760000000&signature=b71c...
```

இதில் 48 என்பது உங்கள் கணக்கின் எண். அடுத்து வருவது உங்கள் மெயில் முகவரியிலிருந்து கணக்கிட்ட எழுத்துக்கோவை. கடைசியில் உள்ள `signature` தளத்தின் கையொப்பம். தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியைக் கொண்டு சர்வர் அதைப் போடுகிறது. லிங்க்கில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. நடுவில் இருக்கும் `expires` தான் கெடு. 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் நேரத்திலிருந்து எண்ணிய நொடிகள் அவை. 1760000000 என்றால் நம் நேரப்படி 2025 அக்டோபர் 9, பிற்பகல் 2 மணி 23 நிமிடம். தளத்தை நடத்துபவர் மாற்றாவிட்டால் லாராவெல் கொடுக்கும் கெடு 60 நிமிடம். அப்படியானால் இந்த லிங்க் பிற்பகல் 1:23-க்கு உருவாகியிருக்கிறது.

இந்த எண்ணைத் தேதியாக மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு. எண்ணை மட்டும் அங்கே கொடுங்கள். முழு லிங்க்கையும் ஒட்டிவிடாதீர்கள், அது உங்கள் கணக்கின் கதவு. இன்னொன்று: கெடுவைப் பார்ப்பது சர்வரின் கடிகாரம். உங்கள் போனில் மணி தவறாக இருந்தாலும் லிங்க்கின் ஆயுள் கூடாது, குறையாது.

இதே லிங்க்கை வைத்து ஒரு நிகழ்வைப் பார்ப்போம். ஒரு மாணவி இன்ஸ்டாகிராமில் ஒரு பயிற்சி வகுப்பின் விளம்பரத்தைப் பார்க்கிறாள். அதைத் தொட்டதும் வகுப்பின் தளம் திறக்கிறது. 1:23-க்குப் பதிவு செய்கிறாள். சாப்பிட்டுவிட்டு வந்து 1:40-க்கு ஜிமெயிலைத் திறந்து லிங்க்கை அழுத்துகிறாள். கெடு முடிய இன்னும் 43 நிமிடம் இருக்கிறது. ஆனால் 'கணக்கு உறுதியானது' என்று வரவில்லை. லாகின் பக்கம் வந்து நிற்கிறது. ஏதோ தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி பதிவு செய்யப் போனால், இந்த மெயில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று தளம் மறுக்கிறது.

அவள் கையில் இருப்பது ஒரே போன். ஆனால் அவள் இரண்டு பிரவுசர்களில் நடமாடியிருக்கிறாள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற செயலிகள் வெளித் தளங்களைத் தங்களுக்குள்ளேயே இருக்கும் ஒரு பிரவுசரில் திறக்கின்றன. மேலே ஒரு பெருக்கல் குறி, தளத்தின் பெயர், ஓரத்தில் மூன்று புள்ளி என்று இருந்தால் நீங்கள் அந்த உள் பிரவுசரில் இருக்கிறீர்கள். பதிவு செய்தவுடன் தளம் 'இவள்தான் உள்ளே வந்தவள்' என்று ஓர் அடையாளத்தை பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது. குக்கி என்பது அதுதான். கோயில் வாசலில் செருப்பை விட்டதும் தரும் டோக்கன் போல, அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே செல்லும். இந்த மாணவியின் குக்கி இன்ஸ்டாகிராமின் உள் பிரவுசரில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் லிங்க்கைத் திறந்ததோ குரோமில். குரோமிடம் அந்தக் குக்கி இல்லை. ஒரு பிரவுசரின் குக்கியை இன்னொன்று எடுத்துப் பார்க்கவும் முடியாது. ஐபோனிலும் இப்படித்தான். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், செயலிக்குள் திறக்கும் சஃபாரி பக்கமும் தனி சஃபாரியும் குக்கிகளைப் பகிர்ந்துகொள்வதில்லை. கடைக் கணினியில் பதிவு செய்துவிட்டு மெயிலைப் போனில் திறப்பவர்களுக்கும் இதேதான் நடக்கும்.

மாணவி செய்ய வேண்டியிருந்தது எளிது. வந்து நின்ற லாகின் பக்கத்திலேயே, சற்று முன் வைத்த பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போயிருக்கலாம். அவள் எந்த லிங்க்கைத் தேடி வந்தாள் என்பதை லாராவெல் நினைவில் வைத்திருக்கும். லாகின் முடிந்ததும் அந்த லிங்க்குக்கே திருப்பி அனுப்பி, உறுதி செய்யும் வேலையை முடித்துவிடும். அந்தக் குரோமில் அண்ணனோ தம்பியோ அதே தளத்தில் ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருந்தால் மட்டும் '403' என்ற மறுப்பு வரும், ஏனென்றால் லிங்க்கில் உள்ள கணக்கு எண் வேறு, உள்ளே இருப்பவர் வேறு. அவரை லாக்அவுட் செய்துவிட்டு லிங்க்கை மீண்டும் அழுத்தினால் போதும்.

எல்லாத் தளங்களும் இப்படி லாகின் பக்கத்தைக் காட்டிப் பொறுமையாக நிற்பதில்லை. சுபாபேஸ் போன்ற சேவைகளின் மேல் கட்டிய தளங்கள் சிலவற்றில், பதிவு செய்யும்போதே ஒரு ரகசியக் குறி பிரவுசரில் பதிந்துவிடும். லிங்க்கை அழுத்தியதும் சர்வர் முதலில் மெயில் முகவரியை உறுதி செய்துவிடும். அதன்பிறகு உங்களை உள்ளே விடுவதற்குத்தான் அந்த ரகசியக் குறியைக் கேட்கும். வேறு பிரவுசராக இருந்தால் குறி இருக்காது, பிழைச் செய்தி வரும். அதைப் பார்ப்பவர் எல்லாமே தோற்றது என்று நினைப்பார். உண்மையில் மெயில் உறுதியாகிவிட்டது. தானாக உள்ளே போகும் வசதி மட்டும்தான் கிடைக்கவில்லை.

அலுவலக, கல்லூரி மெயில்களில் இதே போன்ற இன்னொரு காட்சி. அங்கே பாதுகாப்பு மென்பொருள், மெயிலில் வரும் லிங்க்குகள் ஆபத்தானவையா என்று பார்க்க நமக்கு முன்பே அவற்றைத் திறந்து பார்ப்பதுண்டு. ஒருமுறை மட்டுமே செல்லும் லிங்க்காக இருந்தால் அந்த ஒருமுறை அங்கேயே செலவாகிவிடும். நாம் அழுத்தும்போது 'செல்லாத லிங்க்' என்று வரும். இங்கும் கணக்கு பெரும்பாலும் உறுதியாகியே இருக்கும்.

எனவே சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் முதலில் செய்ய வேண்டியது புது லிங்க் கேட்பது அல்ல. அந்தத் தளத்தின் லாகின் பக்கத்துக்கு நேராகப் போய், மெயிலையும் பாஸ்வேர்டையும் கொடுத்துப் பாருங்கள். உள்ளே விட்டு, 'மெயிலை உறுதி செய்யுங்கள்' என்ற அறிவிப்பும் இல்லையென்றால் வேலை முடிந்தது.

அந்த அறிவிப்பு இன்னும் இருந்தால்தான் லிங்க் உண்மையிலேயே காலாவதியானதா என்று யோசிக்க வேண்டும். அதுவும் நடக்கத்தான் செய்கிறது. சில மெயில் சர்வர்கள், தங்களுக்குப் பழக்கமில்லாத இடத்திலிருந்து மெயில் வந்தால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று முதல் முறை திருப்பி அனுப்பிவிடும். குப்பை மெயில் அனுப்புவோர் பலர் மறுபடி வரமாட்டார்கள் என்பது அதன் கணக்கு. ஒழுங்கான சர்வர் சில நிமிடம் கழித்து மறுபடி வரும், சில நேரம் இன்னும் தாமதமாகும். லிங்க்கின் கெடுவோ மெயில் புறப்பட்ட நொடியிலிருந்தே ஓடுகிறது. பத்து, பதினைந்து நிமிடக் கெடு வைத்திருக்கும் தளமானால், மெயில் பெட்டிக்கு வந்து சேரும்போதே லிங்க் செத்திருக்கும்.

இந்தக் காத்திருப்பில்தான் 'மறுபடி அனுப்பு' பொத்தான் கெடுதல் செய்கிறது. பல தளங்கள் புது லிங்க் உருவானதும் பழையதை ரத்து செய்துவிடும். மூன்று முறை அழுத்தினால் மூன்று மெயில். செல்லுவது கடைசியாக உருவானது மட்டுமே. அவை அனுப்பிய வரிசையில் வந்து சேரும் என்ற உறுதியும் இல்லை. தலைப்பு ஒன்றாக இருப்பதால் ஜிமெயில் அவற்றை ஒரே கொத்தாகச் சேர்த்துவிடும், நாம் அறியாமல் பழையதைத் தொடுவோம். ஒருமுறை மட்டும் அழுத்திவிட்டுக் காத்திருங்கள். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். கொத்தை விரித்து, கடைசியாக வந்ததைத் திறங்கள். லிங்க்கை நீட்டி அழுத்தினால் நகலெடுக்க வழி வரும். நகலெடுத்து, எந்த பிரவுசரில் பதிவு செய்தீர்களோ அதிலேயே ஒட்டித் திறங்கள். செயலியின் உள் பிரவுசரில் இப்படி ஒட்ட வசதி இருக்காது. அதனால் பதிவு செய்யத் தொடங்கும் முன்பே மூன்று புள்ளியைத் தொட்டு, வெளி பிரவுசரில் திறக்கச் சொல்வது நல்லது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்து, தனக்குத் தெரிந்த பாஸ்வேர்டு வைத்து, வேறொருவர் கணக்குத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். உறுதி செய்யும் லிங்க் உங்களுக்கு வரும். ஏதோ வந்திருக்கிறது என்று நீங்கள் அழுத்தினால், உங்கள் பெயரில் அவர் கையில் ஒரு கணக்கு தயாராகிவிடும். பின்னாளில் நீங்கள் அதே தளத்துக்கு வந்து விவரங்களைச் சேர்க்கும்போது அவரும் உள்ளே இருக்கலாம். இப்படி முன்கூட்டியே கணக்கைப் பிடித்து வைக்கும் முறைகளை அவினாஷ் சுதோதனன், ஆண்ட்ரூ பாவெர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2022-இல் விரிவாக எழுதினார்கள். அவர்கள் சோதித்த 75 பிரபலத் தளங்களில் குறைந்தது 35 தளங்கள் ஏதாவது ஒரு முறைக்கு இடம் கொடுத்தன. பதிவு செய்த பிரவுசரிலேயே லிங்க்கைத் திறக்கச் சொல்வது இந்த வழியை அடைக்கிறது. அவருடைய குக்கி உங்களிடம் இல்லை, அவர் வைத்த பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரியாது. குறுகிய கெடு, பழைய மெயிலில் கிடக்கும் லிங்க்கை யாரும் பிறகு பயன்படுத்தாமல் தடுக்கிறது. நீங்கள் கேட்காமல் வந்த உறுதி செய்யும் மெயிலை ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

ஆனால் பாதுகாப்புக்காகப் பயனாளரை இருட்டில் நிறுத்த வேண்டியதில்லை. தளம் கட்டுவோருக்கு என் வேண்டுகோள் இது. லிங்க்கைத் திறந்தவுடனேயே உறுதி செய்துவிடாமல், 'உறுதி செய்' என்ற ஒரு பொத்தானைக் காட்டுங்கள். லிங்க்கைத் திறந்து பார்க்கும் மென்பொருள்கள் பொதுவாகப் பொத்தானை அழுத்துவதில்லை. வேறு பிரவுசராக இருந்தால் பிழை என்று முகத்தில் அடிக்காமல், அங்கேயே பாஸ்வேர்டு கேளுங்கள். லிங்க்கோடு ஆறு இலக்க எண் ஒன்றையும் அனுப்புங்கள்; பதிவு செய்த திரையிலேயே அதைத் தட்டச்சு செய்யலாம் என்பதால் பிரவுசர் மாறும் பேச்சே எழாது. நேரம் முடிந்ததா, பிரவுசர் மாறியதா, ஏற்கெனவே உறுதியாகிவிட்டதா என்பதைத் தனித்தனியாக, தமிழில் சொல்லுங்கள்.