எட்டுப் போடக் கற்ற கதை

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பின்புறத் திடலில் காலை பத்து மணிக்கு ஒரு வரிசை நிற்கும். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நிற்கும் அவ்வரிசையில் சென்ற ஆண்டு நானும் நின்றேன். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவர் அப்பா ஒருவர்தான். வலக்காலில் அடிபட்டு அவர் படுத்தபின், விடியற்காலையில் பால் கேனைச் சொசைட்டிக்குக் கொண்டு போக ஆளில்லை. கியர் வண்டியோ கொட்டகையில் சும்மா நின்றது. உரிமம் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அபராதம் 5,000 ரூபாய். எங்கள் வீட்டில் அது எத்தனை நாள் பால் காசு என்று கணக்குப் பார்த்தபின்தான் நான் விண்ணப்பம் போட்டேன்.

முதற்படி பழகுநர் உரிமம். ‘எல்.எல்.ஆர்.’ என்று ஊரார் சொல்வது இதைத்தான். கியர் உள்ள இரு சக்கர வண்டிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். sarathi.parivahan.gov.in என்னும் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம்; இயலாதவர் இ-சேவை மையத்துக்குச் செல்லலாம். வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். உடல்நலம் பற்றிய உறுதிமொழியை நாமே அளிக்கலாம். இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து ஒன்றாகவும், ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக வேறோர் எழுத்துக்கூட்டலிலும் இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். நம்மில் பலர் வீட்டில் இது உண்டு. முதலில் அதைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

பின்னர் கணினியில் ஒரு சிறு தேர்வு. நூற்றுக்கு அறுபது விழுக்காடு சரியாக இருந்தால் போதும். சாலைக் குறிகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யாமல் வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சுமை குறையும். சிவப்பு வட்டத்துக்குள் இருப்பவை பெரும்பாலும் தடை. சிவப்பு முக்கோணத்துக்குள் இருப்பவை எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல்.

இவ்வுரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தபின், அந்த ஆறு மாதத்துக்குள் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல வேண்டும். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்துப் பலகை இருக்க வேண்டும். உரிமம் உள்ள ஒருவர் உடன் இருந்து கற்றுத்தர வேண்டும். அவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக்கூடாது. தோழியை ஏற்றிக்கொண்டு கல்லூரிக்கு வர எண்ணுவோர் இதை அறிய வேண்டும்! எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர் என் தாய்மாமன்.

இனி எட்டுக்கு வருவோம். கால் தரையில் படாமல் ‘8’ வடிவில் வண்டியைச் செலுத்துவதே தேர்வின் உயிர்நாடி. இடப்புறம் வளைதல், வலப்புறம் வளைதல், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுதல் ஆகிய மூன்றும் ஒரே வடிவில் அடங்கிவிடுவதே அதன் சிறப்பு. வேகமாகப் போகவும் இடமில்லை. மிக மெதுவாகப் போகவும் வழியில்லை. ஏன் என்பதை நம் பாடமே சொல்கிறது.

வளைவில் செல்லும் வண்டி சாயும் கோணத்துக்கு tanθ = v²/rg என்று படித்திருக்கிறோம். வட்டத்தின் ஆரம் 3 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகமென்றால் வினாடிக்கு 2.78 மீட்டர். கணக்கிட்டால் சாய்வு ஏறத்தாழ 15 பாகை; பழகுபவரும் தாங்கிக்கொள்ளக்கூடியது. வேகம் 15 கிலோமீட்டரானால் சாய்வு 30 பாகையைத் தொட்டுவிடும். மண் தரையில் அது சறுக்கலுக்கு அழைப்பு. சரி, 4 கிலோமீட்டரில் ஊர்ந்தால் என்ன? சாய்வு மிகக் குறைவுதான். ஆனால் வண்டி விழப்போகும் பக்கம் கைப்பிடியைத் திருப்பியே நாம் சமநிலையைக் காக்கிறோம். வேகம் குறையக் குறைய அத்திருப்பத்தின் பயனும் குறைகிறது. கைப்பிடி தாறுமாறாக ஆடும். கால் தானாகக் கீழே வரும். ஆகவே எட்டு முதல் பத்து வரையில்தான் நம் இடம்.

அவ்வேகத்தை எப்படிக் காப்பது? முதல் கியர். ஆக்ஸிலேட்டரைச் சிறிது முறுக்கி அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். கிளட்சைப் பாதி விட்டு, வலக்காலால் பின் பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டு வேகத்தை அடக்க வேண்டும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. கைப்பிடி திரும்பியிருக்கையில் அதை அழுத்தினால் வண்டி சாய்ந்துவிடும். பார்வை முன் சக்கரத்தின் மேல் விழக்கூடாது. வட்டத்தில் அடுத்துப் போகவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கைச் சைகையை வட்டத்துக்குள் நுழையும் முன்பே காட்டிவிடுவது நல்லது. வலக்கையை நீட்டினால் ஆக்ஸிலேட்டர் விடுபட்டுப் போகுமல்லவா?

எங்கள் ஊர்க் களத்தில் ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகள் அடித்தோம். மூன்று மீட்டர்க் கயிற்றைக் கட்டிச் சுற்றி அடுப்புச் சாம்பலால் வட்டங்கள் வரைந்தோம். மூன்று வாரம் பழகியபின், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போனோம். “கியர் இல்லாத ஸ்கூட்டரில் போட்டுவிடு பாப்பா, சுலபம்” என்றார் திடலில் நின்ற ஒருவர். சுலபம்தான்; ஆனால் அதில் தேறினால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே உரிமம் கிடைக்கும். எங்கள் வீட்டில் இருப்பது கியர் வண்டி.

என் முறை வந்தது. முதல் வட்டம் நன்றாகவே போயிற்று. நடுவில் கால் ஊன்றிவிட்டேன். மோட்டார் வாகன ஆய்வாளர் (பெரியவர்கள் இன்னும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே சொல்கிறார்கள்) கோபிக்கவில்லை. “ஏழு நாள் கழித்து வாம்மா” என்றார். விதியும் அதுவே. மூன்று முறை தவறினால் அறுபது நாள் காத்திருந்து, பயிற்சியும் முடித்து வரவேண்டும். மாமாவுக்கு அன்றைய கூலி போயிற்று. வீடு வரும் வரை இருவரும் பேசவில்லை.

மறுநாள் களத்தில் மாமா வண்டியைப் பார்க்கவில்லை. முளையருகே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து சுற்று முடிந்ததும், “ஒரே எடத்துலதான் சத்தம் செத்துப்போவுது” என்றார். இரண்டு வட்டமும் சேரும் இடம்! இடச் சாய்விலிருந்து வலச் சாய்வுக்கு மாறும்போது வண்டி ஒரு நொடி நிமிர்கிறது. அந்த நிமிர்வைக் கண்டு அஞ்சி நான் என்னையறியாமல் ஆக்ஸிலேட்டரை விட்டிருக்கிறேன். வேகம் விழுகிறது, விழுந்த வேகத்தில் மறுபுறம் சாய்ந்தால் தாங்க விசையில்லை, கால் இறங்குகிறது. கண்ணால் பார்த்தபோது கால் ஊன்றியதுதான் பிழையாகத் தெரிந்தது. உண்மைப் பிழை அதற்கு அரை நொடி முன்னதாகக் காதுக்குத்தான் கேட்டது. அதன்பின் ஆறு நாளும் சத்தம் மாறாமல் எட்டுப் போடுவதே என் பயிற்சி. சேரும் இடத்தில் சிறிது தூரம் நேராக ஓடவிட்டுப் பிறகே மறுபக்கம் திருப்பினேன். வட்டத்தையும் இரண்டரை மீட்டராகச் சுருக்கினோம்.

இரண்டாம் முறை திடலில் போட்டிருந்த எட்டு, களத்து எட்டைவிட அகலமாகத் தோன்றியது. இரண்டு சுற்று போனேன். ஆய்வாளர் போதும் என்று கை காட்டினார். சில நாளில் உரிம அட்டை அஞ்சலில் வந்தது. முப்பது வயதுக்குள் பெறுபவருக்கு அது நாற்பது வயது வரை செல்லும். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சொசைட்டிக்கு ஐந்து மணிக்குள் போய்விட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.