ஒரு டாலர் பொய்: பெஸ்டிங்கர் – கார்ல்ஸ்மித் ஆய்வின் அறச்சிக்கல்

லியோன் பெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்ட ஆய்வு, அறிகை முரண் கோட்பாட்டின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. ஸ்டான்போர்டு மாணவர்கள் ஒரு மணி நேரம் நூற்கண்டுகளை அடுக்கியும் முளைகளைத் திருப்பியும் சலிப்பூட்டும் வேலையைச் செய்தனர். பின்னர், அடுத்துக் காத்திருந்த பெண்ணிடம் அவ்வேலை சுவையானது எனக் கூறுவதற்குச் சிலருக்கு 1 டாலரும் வேறு சிலருக்கு 20 டாலரும் தரப்பட்டன. இறுதி நேர்காணலில் 1 டாலர் பெற்றோரே வேலையை மிகுதியும் விரும்பியதாகக் கூறினர். 20 டாலர் பொய்யுரைக்கப் போதிய காரணமாயிற்று. 1 டாலர் போதாமையால், அதனைப் பெற்றோர் தம் கருத்தையே மாற்றிக்கொண்டனர் என்பது ஆய்வாளர் விளக்கம்.

குழுவிற்கு இணங்கிப்போதலை ஆராய்ந்த சாலமன் ஆஷின் கோட்டு நீளச் சோதனையிலும் ஏமாற்று உண்டு. உடனிருந்தோர் அனைவரும் ஆய்வாளரின் ஆட்கள். ஆயினும் அங்குப் பங்கேற்பாளர் பிறரை ஏமாற்றுமாறு பணிக்கப்படவில்லை. இங்கோ அவரே பொய்யுரைக்க வைக்கப்படுகிறார். 71 பேருள் 11 பேரின் தரவுகள் விலக்கப்பட்டன. அவர்களுள் மூவர் பணத்தை ஏற்க மறுத்தவர்கள். இருவர் அப்பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டவர்கள். முறையியல் நோக்கில் இவ்விலக்கு சரியே. ஆனால் அது யாரை விலக்கியது என்பது கருதத்தக்கது.

முடிவில் உண்மை விளக்கப்பட்டது. பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டபோது அனைவரும் விருப்புடன் தந்தனர். இதனைக் காலந்தாழ்ந்த இசைவாகக் கொள்ளத் தடையாக நிற்பது அக்கோட்பாடே. ஒரு மணி நேரத்தை வீணாக்கிப் பொய்யும் உரைத்த ஒருவர், 'நல்ல ஆய்வுதான்' என மனநிறைவு கொள்வதும் அதே முரண் தணிப்பாக இருக்கக்கூடும்.